ஒப்புதல் கோரும் மடல்: வரவு செலவுத் திட்டத்தைத் தலைவருக்கு அனுப்பும் முறை

தொண்டு நிறுவனங்களில் பணியாற்றும் வாசகர்களுக்கு மார்ச் மாதம் எவ்வாறு கழியும் என்பதை நாம் அறிவோம். திட்ட இயக்குநர் பல வாரங்கள் உழைத்து அடுத்த நிதியாண்டின் வரவு செலவுத் திட்டத்தை முடிக்கிறார். ஓர் இரவில் அதனை மின்னஞ்சலில் இணைத்து, இரண்டு வரி எழுதி, இயக்குநர் குழுத் தலைவருக்கு அனுப்புகிறார். ஒவ்வோர் எண்ணுக்கும் கணக்குத்தாளில் அத்தனை பாடுபட்டவர், அதனுடன் செல்லும் மடலுக்கு ஐந்து நிமிடமும் ஒதுக்குவதில்லை. அந்த மடலை எழுதும் முறையையே இவ்விதழின் பாடமாக எடுத்துக்கொண்டுள்ளோம்.

மடலின் அமைப்புக்குச் செல்லுமுன் ஒரு சட்டக் குறிப்பைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. ஏனெனில், 'ஒப்புதல் தருக' என்று எழுதும் பலருக்கு, யாரிடம் எந்த ஒப்புதலைக் கேட்கிறோம் என்பதே தெளிவாக இருப்பதில்லை. நிறுவனங்கள் சட்டம் 2013இன் 8ஆவது பிரிவின்கீழ்ப் பதிவு பெற்ற அமைப்பில் வரவு செலவுத் திட்டத்தை ஏற்கும் அதிகாரம் இயக்குநர் குழுவுக்கு உரியது. குழு தீர்மானம் நிறைவேற்றி அந்த அதிகாரத்தை அவருக்கு ஒப்படைத்திருந்தாலன்றி, தலைவர் தனியொருவராக அதனைச் செலுத்த இயலாது. ஆகவே தலைவர் மின்னஞ்சலில் 'சரி' என்று எழுதிய மறுமொழி குழுவின் ஒப்புதலாகிவிடாது. அப்பொருளைக் குழுவின்முன் வைக்க அவர் இசைகிறார் என்பதற்கு மட்டுமே அது சான்று. அறக்கட்டளைகளிலும் சங்கங்களிலும் இதே கேள்விக்கு விடை, அவற்றின் அறக்கட்டளைப் பத்திரத்திலோ துணைவிதிகளிலோ இருக்கும். எழுதத் தொடங்குமுன் அந்த ஏட்டை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது வீண் வேலையன்று.

இனி ஓர் எடுத்துக்காட்டு. ஒடிசா மாநிலத்தின் கோராபுட் மாவட்டத்தில், நாராயணபட்னா, பந்துகாவ் ஆகிய இரு வட்டாரங்களில் நடமாடும் மருத்துவ ஊர்திகள் இரண்டினை நடத்தும் ஓர் அமைப்பைக் கற்பனை செய்துகொள்வோம். மலைச் சிற்றூர்களின் மக்கள் வாரச்சந்தைக்கு வரும் நாளை ஒட்டி ஊர்திகள் செல்கின்றன. மருத்துவர் இருவர், செவிலியர் நால்வர், மருந்தாளுநர் இருவர், ஓட்டுநர் இருவர், களப்பணியாளர் நால்வர், ஒருங்கிணைப்பாளர் ஒருவர் என ஊழியர் 15 பேர். அனைவரின் பணி ஒப்பந்தமும் 2025 மார்ச் 31இல் முடிகிறது. இயக்குநர் குழுவில் எழுவர். அடுத்த கூட்டம் மார்ச் 22, சனிக்கிழமை. அமைப்பு கற்பனையேயானாலும் அதன் இக்கட்டு பல அமைப்புகளுக்குப் பொதுவானது.

2025-26ஆம் ஆண்டுக்கான திட்டத்தின் மொத்தம் ரூ.1 கோடியே 11 இலட்சம். இதில் ஊழியர் செலவு 56.90 இலட்சம், மருந்து 24.30 இலட்சம், எரிபொருளும் ஊர்திப் பராமரிப்பும் 9.20 இலட்சம், பரிசோதனைக் கருவிகளும் பரிசோதனைகளும் 6.10 இலட்சம், பயிற்சியும் பயணமும் 3.40 இலட்சம், நிர்வாகம் 8.10 இலட்சம், எதிர்பாராச் செலவு 3 இலட்சம். வரவு மூன்று வழிகளில் வருகிறது: ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதி 70 இலட்சம், வெளிநாட்டு அறநிறுவனம் ஒன்றின் நிதி 25 இலட்சம், அமைப்பின் சொந்தப் பொது நிதி 16 இலட்சம். முதலாவதற்கு ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. இரண்டாவதற்குக் கொள்கையளவிலான இசைவுக் கடிதம் மட்டுமே வந்துள்ளது. மூன்றாவது, குழு மனம்வைத்தால்தான் கிடைக்கும்.

திட்ட இயக்குநர் வழக்கமான பாணியில் மடல் எழுதினால் அது இவ்வாறு இருக்கும்: 'மதிப்பிற்குரிய அம்மையீர், வணக்கம். அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தை இணைத்துள்ளேன். அன்புகூர்ந்து பார்வையிட்டு ஒப்புதல் அளிக்க வேண்டுகிறேன்.'

பணிவில் குறையில்லை, இலக்கணத்திலும் பிழையில்லை. ஆயினும் இம்மடலைப் பெறும் தலைவர் பயணத்தில் இருக்கலாம். கைப்பேசியில் இணைப்பைத் திறந்தால் பதினொரு தாள்கள் கொண்ட எக்செல் கோப்பு. கடைசியாகச் சேமித்தபோது திறந்திருந்த தாள், அதாவது மருந்துப் பட்டியல், முதலில் தோன்றுகிறது. மொத்தத் தொகை எங்கே என்று தேட வேண்டியுள்ளது. சென்ற ஆண்டைவிட எவ்வளவு கூடியது என்பது கோப்பிலேயே இல்லை. 25 இலட்சம் இன்னும் உறுதியாகவில்லை என்பது வரவுத் தாளின் ஓர் அறைக்குள் சிறு குறிப்பாக மறைந்து கிடக்கிறது. நேர்மையான தலைவர் இரண்டில் ஒன்றைத்தான் செய்வார். ஒன்று, திட்ட இயக்குநர்மீதுள்ள நம்பிக்கையால் 'சரி, தொடருங்கள்' என்று எழுதிவிடுவார். அல்லது, ஓய்வாகப் பார்க்கலாம் என்று ஒதுக்கிவைப்பார். முதலாவது நேர்ந்தால், 16 இலட்சம் பொது நிதியிலிருந்து போகிறது என்பதைக் கூட்டத்தில்தான் முதன்முறையாக அவரே கேள்விப்படுவார். இரண்டாவது நேர்ந்தால், கூட்ட அறிவிப்பு அனுப்பவேண்டிய நாள் கடந்துபோகும்.

அதே திட்ட இயக்குநர் எழுதியிருக்கவேண்டிய மடலை முழுமையாகக் கீழே தருகிறோம்.

பொருள்: முடிவு வேண்டி – நடமாடும் மருத்துவத் திட்டம் 2025-26, வரவு செலவு ரூ.1.11 கோடி – மார்ச் 12 மாலைக்குள்

மதிப்பிற்குரிய தலைவர் அம்மையாருக்கு,

வணக்கம். நடமாடும் மருத்துவத் திட்டத்தின் 2025-26ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் முடிவடைந்துவிட்டது. மார்ச் 22 கூட்டத்தில் இதனைக் குழுவின் ஒப்புதலுக்கு வைக்கத் தங்கள் இசைவை வேண்டுகிறேன். தங்கள் முடிவு மார்ச் 12, புதன்கிழமை மாலைக்குள் கிடைத்தால், 13ஆம் நாள் கூட்ட அறிவிப்பை ஆவணங்களுடன் அனுப்பிவிடலாம்.

மொத்தச் செலவு ரூ.1,11,00,000. நடப்பாண்டின் ஒப்புதல் பெற்ற தொகை ரூ.96,00,000. உயர்வு ரூ.15,00,000, அதாவது 15.6 விழுக்காடு. இவ்வுயர்வில் 6.50 இலட்சம் மருந்துக்கு, 5.70 இலட்சம் ஊழியர் செலவுக்கு, எஞ்சிய 2.80 இலட்சம் பிற இனங்களுக்கு. நாளொன்றுக்கு ஊர்திக்கு 40 நோயாளிகள் எனக் கணக்கிட்டுள்ளதே மருந்துச் செலவு உயர்வதற்குக் காரணம். நடப்பாண்டில் 31 எனக் கணக்கிட்டிருந்தோம்.

குழு சிறப்பாகக் கருதவேண்டியவை இரண்டு.

முதலாவது, பொது நிதியிலிருந்து ரூ.16,00,000 கோருகிறோம். நிறுவனச் சமூகப் பொறுப்பு நிதியின் முதல் தவணையான 28 இலட்சம் மே 15 அளவில்தான் வரும். அதுவரை மாதம் ஏறத்தாழ 9.25 இலட்சம் வீதம் ஒன்றரை மாதச் செலவாகிய சுமார் 14 இலட்சத்தை இந்நிதியே தாங்கவேண்டும்.

இரண்டாவது, வெளிநாட்டு அறநிறுவனத்தின் ரூ.25,00,000 இன்னும் ஒப்பந்தமாகவில்லை. செப்டம்பர் 30க்குள் கையெழுத்தாகாவிட்டால், பந்துகாவ் ஊர்தியை அக்டோபர் 1 முதல் நிறுத்தப் பரிந்துரைக்கிறேன். அதனால் ஏறத்தாழ 24 இலட்சம் குறையும். எஞ்சிய 1 இலட்சத்தை எதிர்பாராச் செலவிலிருந்து ஈடுசெய்யலாம். அந்த ஊர்தியின் ஊழியர் எழுவருக்கு ஆறு மாத ஒப்பந்தம் மட்டுமே இப்போது வழங்க எண்ணுகிறேன்.

கணக்கு அலுவலரும் பொருளாளரும் மார்ச் 1 அன்று எண்களைச் சரிபார்த்தனர். பொருளாளர் எழுப்பிய ஒரே கேள்வி எரிபொருள் விலை பற்றியது. அதற்கான விளக்கம் இணைப்பு 2இல் உள்ளது.

இணைப்புகள்: 1. ஒரு பக்கச் சுருக்கம். 2. அனுமானங்களும் விளக்கங்களும், மூன்று பக்கங்கள். 3. முழுக் கணக்குத்தாள், `Budget_2025-26_v4_03Mar2025.xlsx`. 4. தீர்மான வரைவு. நேரம் குறைவாயின் முதல் இணைப்பும் நான்காவதும் போதும்.

மார்ச் 5, 6 ஆகிய நாள்களில் மாலை நான்கு மணிக்குமேல் தங்களைத் தொலைபேசியில் அழைக்கலாமா எனத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
திட்ட இயக்குநர்

மடல் ஒரு பக்கத்திற்குச் சற்று மேல். இனி அதன் பகுதிகளைப் பார்ப்போம். எல்லாவற்றையும் ஒரே அளவில் விரிக்கவேண்டியதில்லை. பெரும்பாலோர் தடுமாறும் இடங்களில் மட்டும் நிற்போம்.

முதல் பத்தியில் வேண்டுகோள் உள்ளது. 'ஒப்புதல் தருக' என்று பொதுப்படச் சொல்லாமல், 'கூட்டத்தில் வைக்க இசைவு தருக' என்று அது கேட்கிறது. இது சொல் நயத்திற்காகச் செய்ததன்று. தலைவரால் தரக்கூடியதை மட்டுமே மடல் கேட்கிறது; அதனால் அவருடைய மறுமொழியைப் பின்னாளில் யாரும் குழுவின் ஒப்புதல் எனத் தவறாகக் கொள்ள இடமில்லை.

நாளும் அங்கேயே உள்ளது. மார்ச் 12 என்ற நாளை எவ்வாறு பெற்றோம்? கூட்டம் 22ஆம் நாள். சட்டத்தின் 173ஆவது பிரிவு, இயக்குநர் குழுக் கூட்டத்திற்குக் குறைந்தது 7 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்கிறது. அவ்வாறாயின் 14ஆம் நாள் அனுப்பலாமே என்று தோன்றும். ஆனால் 2025 மார்ச் 14 ஹோலிப் பண்டிகை நாள், அலுவலகம் இராது. ஆகவே 13 என்றாகிறது. அறிவிப்பு 13இல் செல்லவேண்டுமாயின், தலைவரின் முடிவு அதற்கு முந்திய நாள் மாலைக்குள் வரவேண்டும். மடல் புறப்பட்டது மார்ச் 3, திங்கட்கிழமை. எனவே தலைவருக்கு ஒன்பது நாள் அவகாசம். நாளை இவ்வாறு பின்னிருந்து முன்னாகக் கணக்கிட்டுக் காரணத்துடன் எழுதினால் அது நெருக்குதலாகத் தோன்றாது. 'விரைவில் தெரிவிக்கவும்' என்பதோ, எந்த நாளையும் குறிக்காத அவசரம். அதற்கு எவரும் விரைவதில்லை.

இரண்டாம் பத்தியின் எண்கள் மூன்று: மொத்தம், சென்ற ஆண்டுத் தொகை, உயர்வு. அதன்பின் உயர்வு எங்கெங்கே போகிறது என்ற பகுப்பு. 6.50, 5.70, 2.80 ஆகியவற்றைக் கூட்டினால் சரியாக 15 வருகிறது என்பதைத் தலைவர் மனக்கணக்காகவே சரிபார்த்துக்கொள்வார். கூடாமல் போனால் மடலின் பிற எண்களையும் அவர் ஐயுறுவார், அது நியாயமே. ஏழு செலவினங்களையும் மடலில் அடுக்கத் தேவையில்லை. அவை சுருக்கத்தில் உள்ளன. மருந்துச் செலவுக்கு மட்டும் காரணம் சொல்லப்பட்டிருக்கிறது, ஏனெனில் உயர்வில் பெரும்பகுதி அதுவே. அக்காரணமும் சரிபார்க்கத்தக்கது: ஊர்திக்கு மாதம் 22 நாள், ஆண்டுக்கு 264 நாள், இரு ஊர்திகளுக்கு 528 நாள், நாளுக்கு 40 பேர் என்றால் 21,120 வருகைகள், வருகைக்கு மருந்து ரூ.115 எனில் ரூ.24,28,800. அதனை முழுமைப்படுத்தியதே 24.30 இலட்சம். இக்கணக்கு முழுவதும் மடலில் இடம்பெற வேண்டியதில்லை. ஆனால் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் கேட்டால் தலைவர் இணைப்பு 2ஐத் திறந்து ஒரே பார்வையில் விடைசொல்லும்படி அது அங்கே இருக்கவேண்டும்.

மடலின் உயிர்நிலை அடுத்த பகுதி. பலரும் தயங்குவது இங்கேதான். உறுதியாகாத 25 இலட்சத்தை வெளிப்படையாகச் சொன்னால் குழு அஞ்சிவிடும், எனவே பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணுவோர் உண்டு. இவ்வாறு மறைப்பதன் விளைவைக் கணக்காகவே பார்ப்போம். ஊர்தி சார்ந்த நேரடிச் செலவுகளாகிய ஊழியர், மருந்து, எரிபொருள், பரிசோதனை நான்கையும் கூட்டினால் 96.50 இலட்சம். இரு ஊர்திகளுக்கும் சமமாகப் பகுத்து மாதக் கணக்காக்கினால் ஓர் ஊர்திக்கு மாதம் சுமார் 4 இலட்சம். ஆறு மாதம் நிறுத்தினால் 24 இலட்சம் மிச்சமாகும். அதாவது 25 இலட்ச இடைவெளியை மூடுவதற்குச் செப்டம்பர் இறுதியே கடைசி வாய்ப்பு. டிசம்பரில் விழித்துக்கொண்டால் எஞ்சுவது மூன்று மாதம். அப்போது ஊர்தியை நிறுத்தினாலும் மிச்சமாவது 12 இலட்சமே. மீதி 13 இலட்சத்தை நாராயணபட்னா ஊர்தியிடமிருந்தோ பொது நிதியிலிருந்தோ பறிக்க நேரும். எனவே தலைவருக்குத் தேவைப்படுவது 'இடர் உள்ளது' என்ற தகவலைவிட, எந்த நாளில் எதை நிறுத்துவோம் என்ற முடிவுதான். அதனால்தான் மடல் செப்டம்பர் 30 என்ற நாளையும், பந்துகாவ் ஊர்தி என்ற பெயரையும், ஆறு மாத ஒப்பந்தம் என்ற வழியையும் ஒருசேரச் சொல்கிறது. குழு இப்பரிந்துரையை மாற்றலாம். நாராயணபட்னா ஊர்தியை நிறுத்துக என்றும் சொல்லலாம். ஆனால் அந்த விவாதம் மார்ச்சிலேயே நடந்துவிடும். ஊழியர் எழுவரும் தம் நிலையை அறிந்தே கையெழுத்திடுவர்.

வெளிநாட்டு நிதியைப் பொறுத்தவரை வங்கி என்ற முறையில் ஒன்றைச் சேர்த்துச் சொல்லவேண்டும். வெளிநாட்டுப் பங்களிப்பு (ஒழுங்குமுறை)ச் சட்டத்தின்கீழ் அத்தொகை முதலில் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் அமைப்பு தொடங்கியுள்ள கணக்கில்தான் வந்துசேரவேண்டும். வெளிநாட்டுப் பங்களிப்பு அல்லாத பணத்தை அக்கணக்கில் செலுத்தக் கூடாது. 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பெறப்படும் வெளிநாட்டுப் பங்களிப்பில் 20 விழுக்காட்டுக்கு மேல் நிர்வாகச் செலவுக்குப் பயன்படுத்தவும் கூடாது. அதற்குமுன் வரம்பு 50 விழுக்காடாக இருந்தது. ஆகவே கணக்குத்தாளில் ஒவ்வொரு செலவின வரிக்கும் எதிரே, அது எந்த நிதியிலிருந்து செல்கிறது என்ற மூன்று பத்திகள் வேண்டும். நம் எடுத்துக்காட்டில் 8.10 இலட்ச நிர்வாகச் செலவில் 2 இலட்சம் மட்டுமே வெளிநாட்டு நிதியின்மேல் ஏற்றப்பட்டுள்ளது. அது 25 இலட்சத்தில் 8 விழுக்காடு. மொத்தத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது. நிதிவாரிப் பத்திகள் இல்லாத வரவு செலவுத் திட்டம் முடிந்த திட்டமாகாது. அதனைத் தலைவருக்கு அனுப்பும் நேரம் இன்னும் வரவில்லை.

சரிபார்த்தவர் யார் என்பதைச் சொல்லும் பத்தி சிறியது. ஆனால் தலைவரின் சுமையைப் பெரிதும் குறைப்பது. பொருளாளர் பார்த்தார் என்பதுடன், அவர் என்ன கேட்டார் என்பதையும் சொல்லியிருப்பதைக் கவனிக்கவும். கேள்வியே எழவில்லை என்று எழுதினால், உண்மையில் பார்த்தாரா என்ற ஐயமே மிஞ்சும். இதே இடத்தில் சொல்லவேண்டிய இன்னொன்றும் சில அமைப்புகளில் இருக்கும். மருந்து விற்பவரோ, ஊர்தியைப் பழுதுபார்க்கும் பட்டறை உரிமையாளரோ இயக்குநர் ஒருவரின் உறவினராயிருந்தால், அதனை ஒரு வரியில் மடலிலேயே தெரிவிக்கவேண்டும். கூட்டத்தில் பிறர் வாயால் வெளிவரும்போது அது குற்றச்சாட்டின் தோற்றம் பெற்றுவிடுகிறது.

இணைப்புகளுக்கு வருவோம். அனுப்புமுன் செய்யவேண்டிய சோதனை ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லலாம். ஏனெனில் எக்செல் கோப்பில் நேரும் பிழைகளுள் மிகப் பழையதும் மிகப் பொதுவானதும் இதுவே. ஊழியர் தாளில் D5 முதல் D9 வரை ஐந்து வரிகள் இருந்தன. கூட்டல் அறையில் உள்ள சூத்திரம்:

```
=SUM(D5:D9)
```

பின்னர் ஒருவர் களப்பணியாளருக்கான வரியைக் கடைசியில், அதாவது D10இல், சேர்த்தார். கூட்டல் அறை ஒரு வரி கீழே நகர்ந்தது; ஆனால் சூத்திரம் D9உடன் நின்றுவிடக்கூடும். அவ்வாறு நின்றால் நான்கு களப்பணியாளரின் ஆண்டு ஊதியமாகிய 4 × 14,000 × 12 = ரூ.6,72,000 மொத்தத்தில் சேராது, 1.11 கோடிக்குப் பதிலாக ரூ.1,04,28,000 தோன்றும். பிழைச் செய்தி எதுவும் வராது. தாள் அழகாகவே காட்சியளிக்கும். இதனைக் கண்டுபிடிக்க வழி, குறுக்கும் நெடுக்குமாகக் கூட்டிப் பார்ப்பது. செலவினங்களை மேலிருந்து கீழாகக் கூட்டிய மொத்தமும், பன்னிரு மாதங்களை இடமிருந்து வலமாகக் கூட்டிய மொத்தமும், மூன்று நிதிகளின் கூட்டுத்தொகையும் ஒன்றாக இருக்கவேண்டும். மூன்றும் 1,11,00,000 எனக் காட்டினால், அதே எண் மடலிலும் சுருக்கத்திலும் தீர்மான வரைவிலும் உள்ளதா என்று கடைசியாக ஒருமுறை ஒப்புநோக்க வேண்டும். சுருக்கத்தை முந்திய வரைவிலிருந்து எடுத்துவிட்டுக் கணக்குத்தாளைப் பின்னர்த் திருத்துவது அடிக்கடி நிகழ்வதாகையால், இந்த ஒப்புநோக்கலை விட்டுவிடலாகாது.

சுருக்கம் பி.டி.எஃப். வடிவில் இருப்பது நலம். கைப்பேசியிலும் அது கலையாமல் தெரியும். அச்சிட்டால் ஏ4 தாள் ஒன்றில் அடங்கும். எக்செல் கோப்பு பிற கோப்புகளிலிருந்து எண்களை இழுப்பதாயிருந்தால், அனுப்புமுன் அத்தொடர்புகளை நீக்கி மதிப்புகளாக மாற்றிவிட வேண்டும். இல்லாவிடில் தலைவரின் கணினியில் எச்சரிக்கை தோன்றும். அவர் தவறான பொத்தானை அழுத்தினால் எண்கள் சிதையவும் கூடும். கோப்பின் பெயரில் பதிப்பு எண்ணும் நாளும் இருப்பதன் பயன் பின்னர்த் தெரியவரும். `Budget_final_final2.xlsx` போன்ற பெயர்களுக்குப் பொருள் வைத்தவருக்கே ஒரு வாரத்தில் மறந்துவிடும்.

நான்காம் இணைப்பாகிய தீர்மான வரைவைப் பெரும்பாலோர் அனுப்புவதில்லை. அதனைச் செயலர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவர். ஆனால் குழு எதை ஏற்கிறது என்பதைத் திட்ட இயக்குநரே மூன்று வரிகளில் எழுதிப் பார்த்தால், தாம் கேட்பது தெளிவாக உள்ளதா என்பது அவருக்கே விளங்கும். நம் எடுத்துக்காட்டில் தீர்மானத்தின் சாரம் இதுதான்: 2025-26ஆம் ஆண்டுக்கு ரூ.1,11,00,000 வரவு செலவுத் திட்டம், நான்காம் பதிப்பு, ஏற்கப்படுகிறது. பொது நிதியிலிருந்து ரூ.16,00,000 ஒதுக்கப்படுகிறது; வெளிநாட்டு நிதி ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை செலவுக்கான கடப்பாடுகள் ரூ.86,00,000ஐ மீறலாகாது. கடைசி எண் எழுபதையும் பதினாறையும் கூட்டியது. ஒப்புதல் முழுத் திட்டத்திற்கும், செலவு செய்யும் உரிமை கையில் உள்ள பணத்திற்கும் எனப் பிரித்து வைப்பதால், குழுவில் எச்சரிக்கை மிக்கவரும் ஊக்கம் மிக்கவரும் ஒருசேர இசைவது எளிதாகிறது.

மடல் சென்றபின் நடப்பவற்றுள் இரண்டு சிக்கல்களை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

ஒன்று, தலைவர் மாற்றம் கேட்பது. பயிற்சிச் செலவைக் குறையுங்கள் என்று அவர் எழுதுகிறார் எனக் கொள்வோம். திருத்திய கோப்பை அதே பெயரில் அனுப்பினால், இரண்டு 'v4' கோப்புகள் உலவத் தொடங்கும். கூட்டத்தில் நால்வர் ஒன்றையும் மூவர் மற்றொன்றையும் கையில் வைத்திருப்பர். பதிப்பு 5 என்று பெயரிட்டு, மடலின் முதல் வரியிலேயே 'பயிற்சி இனத்தில் 40,000 குறைக்கப்பட்டது. மொத்தம் இப்போது ரூ.1,10,60,000, வேறு மாற்றம் இல்லை' என்று எழுதவேண்டும். வேறு மாற்றம் இல்லை என்ற சொற்கள் இன்றியமையாதவை. அவை இல்லையெனில் தலைவர் எல்லாவற்றையும் மீண்டும் படிக்க நேரும். சுருக்கமும் தீர்மான வரைவும் புதிய எண்ணுடன் மீண்டும் செல்லவேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆயினும் சொல்கிறோம், ஏனெனில் அவைதாம் மறக்கப்படுகின்றன.

மற்றொன்று, கூட்டம் நடைபெறாமற் போவது. போதிய உறுப்பினர் வர இயலாத நிலையில், சட்டத்தின் 175ஆவது பிரிவு ஒரு வழி தருகிறது. தீர்மான வரைவைத் தேவையான ஆவணங்களுடன் எல்லா இயக்குநர்களுக்கும் மின்னஞ்சல் வழியாகவும் சுற்றுக்கு விடலாம். வாக்களிக்கும் உரிமையுடையோரில் பெரும்பான்மையினர் இசைந்தால் அது நிறைவேறியதாகும். எழுவர் குழுவில் நால்வர் போதும். ஆனால் மொத்த இயக்குநருள் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதோர், அதாவது இங்கே மூவர், கூட்டத்தில்தான் முடிவெடுக்க வேண்டும் என்று கோரினால், தலைவர் அதனைக் கூட்டத்தின்முன் வைத்தே ஆகவேண்டும். சுற்றுவழித் தீர்மானம் அடுத்த கூட்டத்தில் குறித்துக்கொள்ளப்பட்டு நடவடிக்கைக் குறிப்பில் இடம்பெறவேண்டும். நான்கு இணைப்புகளும் முதலிலேயே ஆயத்தமாயிருந்தால், இவ்வழிக்கு மாற ஒரு நாள் போதும். இரண்டு வரி மடல் அனுப்பியவர் அப்போதுதான் சுருக்கம் எழுத உட்காருவார்.

22ஆம் நாள் குழு ஏற்றுக்கொண்டதும் திட்ட இயக்குநர் கோரிப் பெறவேண்டியது, தீர்மானத்தின் சான்றளிக்கப்பட்ட படி. திட்டத்திற்கெனத் தனிக் கணக்குத் தொடங்கவோ, கையெழுத்திடும் அதிகாரம் பெற்றோரை மாற்றவோ வங்கிக் கிளைக்கு வரும்போது, தலைவரின் மின்னஞ்சல் அச்சுப்படியைக் கொண்டுவருவோர் உண்டு. கிளை அலுவலர் கேட்பது அதையன்று. கூட்ட நாள், தீர்மான எண், கணக்கை இயக்குவோர் பெயர் ஆகியவற்றுடன் உரியவர் கையொப்பமிட்ட தீர்மானப் படியையே அவர் கேட்பார். வரவு செலவுக்கான தீர்மானமும் வங்கிக் கணக்குக்கான தீர்மானமும் வெவ்வேறானவை என்பதால், கணக்குத் தேவைப்படும் அமைப்புகள் இரண்டாவதன் வரைவையும் மார்ச் 3 மடலிலேயே ஐந்தாம் இணைப்பாகச் சேர்த்துவிடலாம். ஒரே கூட்டத்தில் இரண்டும் முடிந்துவிடும். ஏற்கப்பட்ட நான்காம் பதிப்பின் கோப்பை, எவரும் திருத்த இயலாதவாறு பூட்டி, தீர்மான எண்ணுடன் தனி உறையில் சேமித்துவிட்டு, ஏப்ரல் முதல் செலவுகளை அதனுடன் மாதந்தோறும் ஒப்பிடத் தொடங்கலாம்.